“நீங்கள் சொன்ன பக்கத்தில் இல்லையே”: ஒரே கையேட்டிலிருந்து பக்கம் காட்டிப் பதில் சொல்லும்போது வரும் பிழைகள்

சுன்னாகத்தில் இறைப்பு மெசின் விற்கும் கடையொன்றுக்கு வரும் கேள்விகளுக்கு நான் பதில் எழுதிக் கொடுக்கிறேன். வெங்காயம் நடுகிற காலத்தில் கேள்விகள் நிறைய வரும். ஒயில் எவ்வளவு விடுவது, பிளக் இடைவெளி எவ்வளவு, தண்ணீர் ஏறவில்லை என்றால் எதைப் பார்ப்பது என்று கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் பதில் மெசினோடு வரும் ஒரே கையேட்டில்தான் இருக்கிறது. அதன் பிடிஎஃப் கோப்பு கடையிலும் இருக்கிறது, வாங்கியவர்களின் போனிலும் இருக்கிறது. நாங்கள் வைத்திருக்கும் ஒழுங்கு ஒன்றுதான்: கையேட்டில் உள்ள வரியை அப்படியே எடுத்து, அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்து அனுப்ப வேண்டும். கேட்டவர் அந்தப் பக்கத்தைத் திறந்து தன் கண்ணால் சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

சொல்ல எளிதாக இருந்தாலும், செய்யும்போது பல இடங்களில் சறுக்கும். எந்தக் குறி தெரிந்தால் எங்கே பிழை, எப்படித் திருத்துவது என்று கீழே எழுதியிருக்கிறேன். உதாரணமாக எடுத்திருப்பது மும்மொழிக் கையேடு ஒன்று. நம் ஊரில் கைக்கு வரும் கையேடுகளில் பல இப்படித்தான் இருக்கின்றன.

முதலில் ஒரு ஆயத்தம். உபுண்டு அல்லது டெபியன் கணினியில் இவை தேவை:

```bash
sudo apt install poppler-utils ocrmypdf tesseract-ocr-tam python3-pypdf
```

கோப்பு முழுவதையும் ஒரே எழுத்துக் குவியலாகப் பிரித்தெடுக்காதீர்கள். அப்படி எடுத்தால் பக்கங்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு பிரிப்புக் குறி மட்டுமே மிஞ்சும். பிறகு வெட்டி ஒட்டும்போது அதுவும் போய்விடும், ஒரு வரி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்ல வழியே இருக்காது. பக்கத்துக்கு ஒரு கோப்பாக எடுங்கள். எங்கள் கையேட்டில் 101 பக்கங்கள்:

```bash
mkdir -p pakkam
for i in $(seq 1 101); do
  pdftotext -f $i -l $i -layout manual.pdf \
    pakkam/$(printf %03d $i).txt
done
```

இப்போது `pakkam/079.txt` என்ற பெயரே பக்க எண்ணைச் சொல்லிவிடும். `grep` எந்த வரியைக் காட்டினாலும் அதன் முன்னால் பக்கம் ஒட்டிக்கொண்டு வரும்.

குறி 1: “நீங்கள் சொன்ன பக்கத்தில் அது இல்லை”

அதிகம் வருகிற முறைப்பாடு இதுதான். ஒருவருக்கு “ஒயில் அளவு, பக்கம் 11” என்று பதில் போனது. அவர் போனில் கோப்பைத் திறந்து 11 என்று அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப அழைத்தார்: “தம்பி, அந்தப் பக்கத்திலை இங்கிலீசெல்லோ கிடக்கு. ஒயிலைப் பற்றி ஒண்டும் இல்லை.” அதே கேள்விக்கு இன்னொருவருக்குப் “பக்கம் 79” என்று போனது. அவர் கையில் இருந்தது அச்சிட்ட புத்தகம். “79 எங்கையடா தம்பி, புத்தகம் 32ஓட முடியுது” என்றார். இரண்டு பேர் சொன்னதும் சரி. அனுப்பிய இரண்டு எண்களும்கூட ஒரே பக்கத்தையே குறித்தன.

காரணம், ஒரு பக்கத்துக்கு இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒன்று கோப்பின் முதல் தாளிலிருந்து எண்ணி வரும் வரிசை எண். மற்றது பக்கத்தின் அடியில் அச்சிட்டிருக்கும் எண். இந்தக் கையேட்டில் அட்டை, உள்ளட்டை, பொருளடக்கம் என்று முதல் 4 பக்கங்களில் எண்ணே இல்லை. அதன் பிறகு ஆங்கிலப் பகுதி 1 முதல் 32 வரை ஓடுகிறது. சிங்களப் பகுதி மறுபடியும் 1 முதல் 32 வரை, தமிழ்ப் பகுதியும் அப்படியே. ஆக “பக்கம் 11” என்று அச்சிட்ட பக்கங்கள் இந்த ஒரு கோப்பில் மூன்று இருக்கின்றன. வரிசையில் 11ஆவதாக நிற்பதோ ஆங்கிலப் பகுதியின் 7ஆம் பக்கம்.

இதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு பகுதியிலும் மூன்று இடங்களில் பாருங்கள்: தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. வரிசை எண்ணிலிருந்து அச்சு எண்ணைக் கழியுங்கள். மூன்று இடத்திலும் ஒரே விடை வந்தால் அந்தப் பகுதிக்கு அதுதான் வித்தியாசம். ஆங்கிலப் பகுதிக்கு 4, சிங்களப் பகுதிக்கு 36. தமிழ்ப் பகுதியில் தொடக்கத்திலும் நடுவிலும் 68 வந்தது, கடைசியில் மட்டும் 69 வந்தது. தேடிப் பார்த்தால் தமிழ் 20ஆம் பக்கத்துக்கும் 21ஆம் பக்கத்துக்கும் இடையில் எண் போடாத உத்தரவாதத் தாள் ஒன்று செருகப்பட்டிருக்கிறது. அதன் வரிசை எண் 89. தொடக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு 68 என்று முடிவு கட்டினால், தண்ணீர் ஏறாததற்கான அட்டவணை இருக்கும் தமிழ் 26ஆம் பக்கத்துக்கு 94 என்று சொல்லிவிடுவீர்கள். அது உண்மையில் இருப்பது 95இல். ஒரு பக்கம்தானே என்று நினைக்க வேண்டாம். 94இல் இருப்பது மெசினைக் களஞ்சியத்தில் வைக்கும் முறை. கேட்டவர் அதைப் படித்துக் குழம்பி நிற்பார்.

வித்தியாசங்கள் தெரிந்த பிறகு, மனக்கணக்கில் விடாமல் எழுதி வைத்துவிடுங்கள்:

```python
def accu_pakkam(p):
    if 5 <= p <= 36:   return "ஆங்கிலம்", p - 4
    if 37 <= p <= 68:  return "சிங்களம்", p - 36
    if 69 <= p <= 88:  return "தமிழ்", p - 68
    if 90 <= p <= 101: return "தமிழ்", p - 69
    return "எண் இல்லை", None
```

பதிலில் இரண்டு எண்களையும் எப்போதும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. “தமிழ்ப் பகுதி, அச்சுப் பக்கம் 11, போனில் 79” என்று எழுதினால் புத்தகம் வைத்திருப்பவரும் போன் வைத்திருப்பவரும் ஒரே இடத்துக்குப் போவார்கள். ஒரு எண் போதும் என்று சுருக்கினால் பாதிப்பேருக்குப் பதில் தவறிவிடும்.

இதே குறியின் இன்னொரு வடிவம், சொல்லும் பக்கம் எப்போதும் சரியாக ஒன்று குறைவாக இருப்பது. பைத்தான் நூலகங்கள் பக்கங்களை 0இலிருந்து எண்ணுவதால் வருவது அது. 79ஆவது பக்கத்தை அங்கே 78 என்று கேட்க வேண்டும்:

```python
from pypdf import PdfReader
r = PdfReader("manual.pdf")
print(r.page_labels[78])
```

இந்தக் கட்டளை இன்னொன்றையும் காட்டும். சில கோப்புகளை உருவாக்கியவர்கள் அச்சு எண்களைக் கோப்புக்குள்ளேயே பக்கச் சீட்டாகப் பதிந்து வைத்திருப்பார்கள். அப்படியென்றால் 79க்குப் பதிலாக 11 என்று வரும். பதியாத கோப்பில் 79 என்றே வரும். பதிந்த கோப்பு என்றால் கவனமாக இருங்கள்: சில வாசிப்புச் செயலிகள் அந்தச் சீட்டைப் பின்பற்றும், சில வரிசை எண்ணையே பின்பற்றும். ஒரே எண்ணை அடித்து இரண்டு போன்களில் இரண்டு பக்கம் திறக்கிறது என்றால் காரணம் இதுதான். அந்த நிலையில் இரண்டு எண்களோடு பக்கத்தின் தலைப்பையும் சேர்த்து எழுதுங்கள்: “எஞ்சின் ஒயில் என்று தலைப்புள்ள பக்கம்.”

குறி 2: கண்ணுக்குத் தெரிகிறது, தேடினால் வரவில்லை

79ஆம் பக்கத்தைத் திறந்தால் “ஒயில்” என்ற சொல் பெரிதாகத் தெரிகிறது. `grep "ஒயில்" pakkam/*.txt` என்று தேடினால் ஒன்றுமே வருவதில்லை. இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க ஒரு கட்டளை போதும்:

```bash
pdffonts -f 69 -l 101 manual.pdf
```

தலைப்பு வரிக்குக் கீழே எதுவுமே வரவில்லை என்றால் அந்தப் பக்கங்களில் எழுத்து கிடையாது, ஸ்கான் பண்ணிய படம் மட்டுமே. பட்டியலில் `Bamini` என்று முடியும் பெயர் வந்தால் பழைய எழுத்துருச் சிக்கல். யுனிகோட் எழுத்துரு ஒன்றின் பெயர் வந்து, அப்படியும் தேடல் வேலை செய்யவில்லை என்றால் எழுத்து வரிசை புரண்டிருக்கிறது.

எங்கள் கையேட்டில் வந்தது பாமினி. இலங்கையில் தட்டெழுதிய ஆவணங்களில் இதை அடிக்கடி சந்திப்பீர்கள் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பாமினியில் கோப்புக்குள் இருப்பது தமிழே இல்லை, ஆங்கில விசைப்பலகையின் எழுத்துகள். எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுத்துக் காட்டுகிறது. `jkpo;` என்று கோப்பில் இருப்பது திரையில் “தமிழ்” என்று தெரியும். `xapy;` என்று இருப்பது “ஒயில்” என்று தெரியும். 079.txt கோப்பைத் திறந்து பார்த்தால் அரைப்புள்ளிகளாக நிறைந்திருக்கும். அதுவே பாமினிக்கு உறுதியான அடையாளம், ஏனென்றால் மெய்யெழுத்தின் புள்ளி அங்கே அரைப்புள்ளி.

அவசரத்துக்கு ஒரு வழி உண்டு. பாமினித் தட்டெழுத்துத் தெரிந்தவர் அந்த எழுத்துகளையே அடித்துத் தேடலாம்:

```bash
grep -n "xapy;" pakkam/*.txt
```

உடனே 079.txt வந்து நிற்கும். ஆனால் `-i` போடக்கூடாது. பாமினியில் சிறிய `x` என்பது ஒ, பெரிய `X` என்பது ஓ. பெரியது சிறியது பார்க்காமல் தேடினால் வேறு சொற்களும் கலந்து வரும்.

நிலையான தீர்வுக்கு இரண்டு வழிகள். முதலாவது, பக்கக் கோப்புகளை யுனிகோட் மாற்றியில் கொடுத்து மாற்றுவது. வேகமாக முடியும், தமிழ் வரிகள் சுத்தமாகவும் வரும். ஆனால் தமிழ்ப் பக்கத்துக்குள் ஆங்கில எழுத்துருவில் இருக்கும் சொற்களையும் அது பாமினி என்று நினைத்து மாற்றிவிடும். இந்தப் பக்கத்தில் இருந்த `SAE 10W-30` என்பது “ளுயுநு 10று-30” என்று வந்தது. கேட்டவருக்கு அதை அனுப்பினால் கடையில் போய் எந்த ஒயிலைக் கேட்பார்? ஆகவே மாற்றிய கோப்பைத் தேடுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, மேற்கோளைப் பக்கத்தின் உருவத்தைப் பார்த்தே எழுத வேண்டும்.

இரண்டாவது, பக்கத்தைப் படமாக்கி எழுத்துணரி மூலம் புதிதாகப் படிக்க வைப்பது. ஸ்கான் கோப்புக்கும் இதே வழிதான்:

```bash
ocrmypdf -l tam+eng --pages 69-101 \
  --force-ocr manual.pdf manual-ocr.pdf
```

தமிழும் ஆங்கிலமும் கலந்த பக்கத்துக்கு இதுவே நல்லது. பக்கங்களின் எண்ணிக்கையும் வரிசையும் மாறாது, ஆகவே முன்பு போட்ட பக்கக் கணக்கு அப்படியே செல்லும். புதிய கோப்பிலிருந்து `pakkam` கோப்புகளை மட்டும் திரும்ப எடுக்க வேண்டும். இதன் பலவீனம் எண்கள். தசமப் புள்ளி மிகச் சின்னது, எழுத்துணரி அதை விட்டுவிடலாம். 0.6 என்பது 06 ஆகிவிடும். எண் இருக்கும் எந்த மேற்கோளையும் உருவத்தோடு ஒப்பிடாமல் அனுப்பாதீர்கள்.

மூன்றாவது காரணத்துக்கு வருவோம். யுனிகோட்தான், ஆனால் ெ, ே, ை ஆகிய குறிகள் எழுத்துக்குப் பின்னால் வர வேண்டியவை, கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில் முன்னால் வந்து கிடக்கும். “பெற்றோல்” என்று தேடினால் கிடைக்காது. முழுக் கோப்பையும் திருத்துவதை விட, இந்தக் குறிகள் இல்லாத சொல்லாகப் பார்த்துத் தேடுவது சுலபம். “ஒயில்”, “தண்ணீர்”, “வால்வு” எல்லாம் புரளாமல் இருக்கும். நிறையத் தேட வேண்டியிருந்தால் மேலே சொன்ன எழுத்துணரி வழிக்கே போய்விடுங்கள்.

குறி 3: பக்கம் சரி, எடுத்த வரி பிழை

இதைத்தான் நான் மிகவும் பயப்படுகிறேன். பக்கம் தவறினால் கேட்டவர் உடனே திருப்பிச் சொல்லிவிடுவார். பக்கம் சரியாக இருந்து அளவு தவறினால், பக்கத்தைக் கண்ட நம்பிக்கையில் அப்படியே செய்துவிடுவார்.

ஒயில் கேள்வியையே முழுதாகப் பார்ப்போம். கேட்டவரிடம் இருப்பது 2 இஞ்சி மெசின். தமிழ் 11ஆம் பக்கத்தில் ஒயில் அளவு ஒரு அட்டவணையில் இருக்கிறது. இடது பக்கத்தில் மெசின் வகை, வலது பக்கத்தில் அளவு. `-layout` போடாமல் எழுத்தைப் பிரித்தெடுத்தால் அது இப்படி வரலாம்:

```text
2 இஞ்சி
4 இஞ்சி
எஞ்சின் ஒயில்
0.6 லீற்றர்
1.1 லீற்றர்
```

எந்த அளவு எந்த மெசினுக்கு என்று இதில் ஒன்றும் தெரியவில்லை. “4 இஞ்சி” என்ற சொல்லுக்குக் கீழே வரும் முதல் எண்ணாக 0.6 நிற்கிறது. அவசரத்தில் எடுப்பவர் மற்றதுதான் 2 இஞ்சிக்கு என்று 1.1 லீற்றரை அனுப்பிவிடலாம். 0.6 லீற்றர் பிடிக்கும் எஞ்சினில் 1.1 லீற்றர் விட்டால், மிஞ்சிய ஒயில் சுவாசக் குழாய் வழியே மேலே ஏறும், புகை தள்ளும், ஸ்டார்ட் எடுப்பதும் கடினமாகும். குறைவாக விட்டால் இன்னும் மோசம், எஞ்சின் இறுகிப்போகும்.

அதனால்தான் ஆரம்பத்திலேயே `-layout` போட்டேன். அது பத்திகளை அச்சில் உள்ளபடி அருகருகே வைக்கும்:

```text
இயந்திரம்     எஞ்சின் ஒயில்
2 இஞ்சி       0.6 லீற்றர்
4 இஞ்சி       1.1 லீற்றர்
```

இதையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். ஒரு கட்டத்துக்குள் இரண்டு வரி இருந்தாலோ, கட்டங்கள் ஒன்றாக்கப்பட்டிருந்தாலோ இதுவும் பிசகும். அட்டவணையிலிருந்து பதில் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கத்தைப் படமாக எடுத்துப் பாருங்கள்:

```bash
pdftoppm -f 79 -l 79 -r 150 -png manual.pdf padam
```

அட்டவணையை மேற்கோள் காட்டும்போது எண்ணை மட்டும் எடுக்கக்கூடாது. வரிசையின் தலைப்பும் பத்தியின் தலைப்பும் அதோடு வர வேண்டும். அட்டவணைக்கு அடியில் நட்சத்திரக் குறி போட்ட சின்ன வரி இருந்தால் அதுவும் வர வேண்டும். இந்தப் பக்கத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறது, புது மெசின் ஒயில் இல்லாமல் வருகிறது என்று. புதிதாக வாங்கியவருக்கு அளவைவிட அந்த வரிதான் முக்கியம். கடைசியில் போன பதில் இது:

“2 இஞ்சி – எஞ்சின் ஒயில் – 0.6 லீற்றர். வகை: SAE 10W-30. *இயந்திரம் ஒயில் இன்றி அனுப்பப்படுகிறது. (தமிழ்ப் பகுதி, அச்சுப் பக்கம் 11, போனில் 79)”

கூடவே அந்த அட்டவணையை மட்டும் வெட்டிய படம். வட்ஸ்அப்பில் பதில் கேட்பவர்களுக்குப் படம் போனால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். ஆனால் படத்தை மட்டும் அனுப்பாதீர்கள். வெட்டிய படத்தில் பக்க எண் இருக்காது, அதை இன்னொருவருக்கு அனுப்பினால் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அலையும்.

மேற்கோளுக்குள் நம் சொல்லைச் செருகுவதும் இந்த வகைப் பிழைதான். கையேடு “இயந்திரம்” என்றால் மேற்கோளுக்குள் “மெசின்” என்று மாற்றக்கூடாது. கேட்டவர் அந்தச் சொல்லை வைத்துத்தான் பக்கத்தில் கண்ணை ஓட்டுவார். விளக்கம் வேண்டுமென்றால் மேற்கோளை முடித்துவிட்டு அடுத்த வரியில் எங்கள் சொல்லில் எழுதலாம்.

குறி 4: பதில் பாதியில் நிற்கிறது

ஸ்டார்ட் பண்ணும் முறையைக் கேட்டவருக்குத் தமிழ் 13ஆம் பக்கத்திலிருந்து படிகளை எடுத்து அனுப்பினால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். பம்பின் வாயில் தண்ணீர் நிரப்பி மூடியை இறுக்குவது அந்தப் பக்கத்தின் கடைசிப் படி. தண்ணீர் நிரப்பாமல் ஓட்டினால் பம்பின் சீல் எரிந்துவிடும் என்ற எச்சரிக்கை அடுத்த பக்கத்தின் தலையில் இருக்கிறது. பக்கத்துக்கு ஒரு கோப்பு என்று பிரித்ததன் விலை இது.

எனவே பதில் கிடைத்த பக்கத்தோடு முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படியுங்கள். பக்கத்தின் கடைசி வரி முற்றுப்புள்ளி இல்லாமல் முடிந்தால், அல்லது அடுத்த பக்கம் தலைப்பு இல்லாமல் தொடங்கினால், விஷயம் அங்கே தொடர்கிறது என்று அர்த்தம். பதிலில் “அச்சுப் பக்கம் 13–14, போனில் 81–82” என்று எழுதி, எந்த வரி எந்தப் பக்கத்தில் என்பதையும் பிரித்துக் காட்டுங்கள்.

குறி 5: கையேட்டில் பதிலே இல்லை

“தம்பி, இதை மண்ணெண்ணெயிலை ஓட்டலாமோ?” இந்தக் கேள்வி யாழ்ப்பாணத்தில் நிச்சயம் வரும். 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோல் கிடைக்காமல் மோட்டார் சைக்கிள்களையே மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. அந்தப் பழக்கம் தெரிந்தவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கையேட்டில் மண்ணெண்ணெய் என்ற சொல்லே இல்லை.

“இல்லை” என்று சொல்வதற்கு முன்னால் ஒரு சோதனை செய்ய வேண்டும். அந்தப் பகுதியில் நிச்சயம் இருக்கிறது என்று தெரிந்த ஒரு சொல்லை அதே முறையில் தேடிப் பாருங்கள். “ஒயில்” வருகிறதா? வரவில்லை என்றால் தேடலே வேலை செய்யவில்லை, அப்போது மண்ணெண்ணெய் வராததற்கு ஒரு மதிப்பும் கிடையாது. மேலே குறி 2க்குப் போய் அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள். அப்புறம் ஒரே பொருளுக்குள்ள மற்றச் சொற்களையும் தேடுங்கள்: மண்ணெண்ணெய், எரிபொருள், ஆங்கிலப் பகுதியில் `kerosene`, `fuel`. மூன்று மொழிப் பகுதிகளும் ஒன்றின் மொழிபெயர்ப்பாக இருந்தாலும், சில வரிகள் ஒரு மொழியில் மட்டும் விடுபட்டிருக்கக்கூடும்.

எரிபொருள் என்ற சொல் தமிழ் 9ஆம் பக்கத்தில் வந்தது. அங்கே இருப்பது ஒரு வரிதான். அந்த வரியை மட்டும் மேற்கோள் காட்டி, அதற்கு மேல் எதையும் அதன் வாயில் போடாமல் பதில் எழுத வேண்டும்:

“மண்ணெண்ணெய் பற்றிக் கையேட்டில் எங்கும் எழுதப்படவில்லை. எரிபொருள் பற்றி இருப்பது இது: ‘ஈயமற்ற பெற்றோலை மட்டும் பயன்படுத்தவும்.’ (தமிழ்ப் பகுதி, அச்சுப் பக்கம் 9, போனில் 77)”

ஓட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்ததைத் தனியாகச் சொல்லலாம், ஆனால் பக்க எண்ணுக்குக் கீழே அதை வைக்கக்கூடாது. பக்க எண் போட்ட வரி கையேட்டின் சொல் என்றுதான் ஆட்கள் எடுத்துக்கொள்வார்கள். என் சொல்லையும் அதன் நிழலில் நிறுத்திவிட்டால், நாளைக்கு மெசின் பழுதாகிக் கம்பனிக்குப் போகும்போது அந்த ஆள் இல்லாத ஒரு வரியைத் தேடிக்கொண்டு நிற்பார்.

குறி 6: போன மாதம் சரியாக இருந்த பக்கங்கள் இப்போது எல்லாமே தவறுகின்றன

கையேட்டின் புதிய பதிப்பு வந்திருக்கும், கோப்பின் பெயர் மட்டும் மாறாமல் இருக்கும். பழைய பதிப்பை வைத்திருப்பவருக்குப் புதியதன் பக்கம் போகிறது, அல்லது மறுபக்கமாக நடக்கிறது. `pdfinfo manual.pdf` என்று கொடுத்துப் பக்க எண்ணிக்கையைப் பாருங்கள். 101 இல்லையென்றால் அப்போதே தெரிந்துவிடும். எண்ணிக்கை அதேயாக இருந்தும் உள்ளே மாறியிருக்கலாம், அதற்கு இது:

```bash
sha256sum manual.pdf
```

பழைய கோப்புக்கு வந்த எழுத்து வரிசையைக் குறித்து வைத்திருந்தால், இரண்டும் ஒன்றா வேறா என்று ஒரு பார்வையில் சொல்லிவிடலாம். அச்சிட்ட புத்தகம் வைத்திருப்பவரிடம் பின்னட்டையின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் பதிப்பு எண்ணைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். நாங்கள் இப்போது ஒவ்வொரு பதிப்புக்கும் தனி `pakkam` கோப்புறையும் தனிப் பக்கக் கணக்கும் வைத்திருக்கிறோம். கேள்வி வந்ததும் முதலில் கேட்பது “அண்ணை, பின்னட்டையிலை என்ன நம்பர் கிடக்கு?” என்பதுதான்.